அக்காவின் இடுப்பு பெல்ட்டு

போடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோப்பி அறை நர்ஸ் நான். வாயைத் திற, மூச்சை மூக்கால விடு, எச்சிலை முழுங்காதே, வழியட்டும் என்று சொல்வதுதான் என் சோலி. ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய எச்சில் என் கையுறையில் வழிந்தது என்று நினைத்தால் சோறு இறங்காது. பல வருஷமாகியும் பழகவில்லை. பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் எல்லாம் அந்த அறைக்கு வெளியே நிற்கிறவர்கள்.

இந்த ஊரில் வயிற்றில் இருப்பது வயிற்றிலேயே கிடக்கும் ஆள் குறைவு. வருகிறவர்களில் பாதிப் பேர் நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டி எரியுது என்பார்கள். குனிந்தால் புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வந்துவிட்டுப் போகுது என்பார்கள். சிலர் அதைச் சொல்லும்போதே எனக்கு முன்னால் ஒரு ஏப்பம் விட்டுக் காட்டுவார்கள். சாட்சிக்கு ஏப்பம் கேட்டது யார் என்று கேட்கத் தோன்றும். கேட்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அப்படிப்பட்ட எனக்கு, வீட்டிலும் ஒரு ஆள் வாய்த்திருந்தாள். என் அக்கா.

அத்தான் இறந்த பிறகு அக்கா என்னோடுதான் இருக்கிறாள். என் வீட்டுக்காரர் கொச்சியில் வேலை பார்க்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் நானும் அவளும்தான். அவள் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். விடியுமுன்னே எழுந்து, மீந்த சோற்றைக் குழம்போடு வயிறு முட்டத் தின்றுவிட்டு, தெருமுக்கில் நிற்கும் ஜீப்பில் ஏறுவாள். ஆறு பேர் உட்காரும் இடத்தில் அதற்கு இரண்டு மடங்கு பெண்கள். முழங்கால் நெஞ்சில் முட்ட மடங்கி உட்கார்ந்து, போடிமெட்டு மலைப்பாதை வளைவு அத்தனையும் ஏறி, அங்கிருந்து இன்னும் உள்ளே தோட்டத்துக்குப் போவார்கள். வளைவில் யாராவது வாந்தி எடுக்காத நாள் நல்ல நாள். அதையும் அவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஏலக்காயை ஏதோ மரத்தில் பறிக்கிறதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். செடி ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், காய் மட்டும் தூரடியில், மண்ணோடு படர்ந்த சரத்தில் இருக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்தே கிடக்க வேண்டும். இடுப்பு போகாமல் என்ன செய்யும்?

ஒரு தீபாவளிக்கு அந்தத் தோட்டத்து முதலாளி, சேலைக்குப் பதிலாக எல்லாப் பெண்களுக்கும் ஆளுக்கொரு இடுப்பு பெல்ட்டு கொடுத்தார். முதுகுவலிக்காரர்கள் கட்டுவார்களே, அகலமான பட்டை, அதுதான். இடுப்பு வலிக்குது என்று லீவு போடுவது குறையும் என்று கணக்குப் போட்டிருப்பார். புத்திசாலி. பெண்கள் அவரை விடப் புத்திசாலிகள். கீழிடுப்பில் கட்ட வேண்டியதைத் தொப்புளுக்கு மேலே ஏற்றிக் கட்டி, காய் போடும் சாக்குப் பையை அதிலேயே தொங்கவிட்டார்கள். பை நிறைய நிறைய இறங்கும், இறங்காமல் இருக்கப் பெல்ட்டை முடிந்த மட்டும் இழுத்து ஒட்டினார்கள். வயிறு நிறையச் சோறு, அதற்கு மேல் இறுக்கிய பெல்ட்டு, அதோடு குனிவு. இப்படி நாள் முழுக்க.

அக்காவின் பெல்ட்டில் ஒட்டும் பட்டை போய்விட்டது. அதன் மேல் என்னுடைய பழைய பச்சை ரவிக்கையை வெட்டி வைத்துத் தைத்து, அதில் வரிசையாகக் கொக்கி போட்டுக்கொண்டாள். கேட்காமல்தான் வெட்டினாள். அந்தப் பச்சை வியர்வையில் கறுத்துப்போனது. சாயங்காலம் கொடியில் தொங்கும்போது அதன் பக்கத்தில் என் துணியைப் போட மாட்டேன்.

எரிச்சல் எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தது நாற்றம்தான். தலையணை உறை புளித்த மாவு மாதிரி நாறும். படுத்ததும் இருமுவாள், எழுந்து உட்கார்ந்து துப்புவாள். எரிந்தால் அவள் வைத்தியம் எலுமிச்சை உப்புச் சோடா. குடித்ததும் தெரு கேட்கிற மாதிரி ஓர் ஏப்பம் விட்டு, "இப்பத்தான் லேசா இருக்கு" என்பாள். அதற்குப் பிறகு வெற்றிலை, அதில் விரற்கடை அளவு புகையிலை.

டாக்டர் மதுரையிலிருந்து வருகிறவர், வாரத்தில் இரண்டு நாள் எங்கள் அறையில் இருப்பார். நோயாளிகளுக்கு அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் ஆனது இது. உணவுக்குழாயின் கீழ் முனையில் வால்வு வால்வு என்கிறோமே, அங்கே மூடி என்று ஒன்றும் கிடையாது. வளையம் போன்ற தசை ஒன்று எந்நேரமும் இறுகி நிற்கிறது. நாம் விழுங்கும்போது மட்டும் நெகிழ்ந்து வழி விட்டுவிட்டு மறுபடியும் இறுகும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தில் உள்ள ஓட்டை வழியாகத்தான் குழாய் இறங்குகிறது. அந்த ஓட்டையின் ஓரத்துத் தசையும் வெளியிலிருந்து குழாயைக் கவ்விப் பிடிக்கிறது. இருமினாலும் குனிந்தாலும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், அப்போது அந்த வெளிப் பிடியும் சேர்ந்து இறுகும். உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை, இரண்டும் ஒரே இடத்தில் பிடித்தால்தான் பூட்டு. குழாய் இரைப்பைக்குள் நேராக இறங்காமல் சாய்வாகப் போய்ச் சேர்வதும் ஒரு தடுப்பு.

இரைப்பை உப்பினால் காற்று வெளியே போவதற்காக அந்த வளையம் விழுங்காமலேயே சற்று நேரம் தானாக நெகிழும். ஏப்பம் என்பது அதுதான். எல்லோருக்கும் நடக்கிறது. வயிறு முட்டத் தின்றவனுக்கும் சோடா குடித்தவனுக்கும் அது அடிக்கடி நடக்கும், காற்றோடு அமிலமும் கிளம்பி வரும். அக்கா வைத்தியம் என்று நினைத்துக் குடித்த சோடா, கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே இருப்பதை வெளியே வா என்று கூப்பிடுகிற வேலை. புகையிலையும் அந்த வளையத்தைத் தளர்த்தும். எல்லாவற்றையும் வீட்டில் ஒப்பித்தேன். அவள் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு, உங்க டாக்டர் மலைக்கு வந்து ஒரு நாள் காய் எடுக்கட்டும் என்றாள்.

நானும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சா என்ற சலிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி எடுத்திருந்தோம். அக்கா ஒரு துண்டை மென்று விழுங்கினாள். விழுங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் பிதுங்கி நீர் வந்தது. நெஞ்சின் நடுவில் கையை வைத்து அழுத்தினாள். பின்கட்டுக்கு ஓடினாள். நான் பின்னால் போனேன். நுரை நுரையாக எச்சில், நூல் நூலாகத் தொங்கியது, அப்புறம் அந்தத் துண்டு, மென்றபடியே, கொஞ்சம்கூடக் கரையாமல். வயிற்றுக்குப் போய் வந்த கறி அப்படி இருக்காது. அது வயிற்றுக்கே போகவில்லை. இது உணவுக்குழாய் அடைப்பின் அடையாளம், கேன்சராகக்கூட இருக்கலாம் என்று அந்த அறையில் எப்போதும் கேட்கிறவள் நான்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. அவள் கொஞ்ச காலமாகவே சோற்றில் ரசத்தை ஊற்றிக் கரைத்துக் குடிக்கிற மாதிரிதான் சாப்பிட்டாள். சப்பாத்தி வேண்டாம் என்றாள். இட்லியைக்கூடத் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். நான் அந்தத் தட்டைப் பார்க்க அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். ரவிக்கையும் தொளதொளத்துப் போயிருந்தது.

எத்தனை நாளா என்று கேட்டேன்.

"மழைக்கு முன்னாடியிருந்துதான். கேன்சரா இருந்தா நீ சொல்லிப்புடுவ. அதான் சொல்லல" என்றாள்.

மறுநாள் டாக்டர் வருகிற நாள், இழுத்துக்கொண்டு போனேன். என் அறையில், என் கட்டிலில் அக்கா. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தொண்டையை மரத்துப் போக வைக்கிற மருந்தை அடித்தேன். பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையத்தை வைத்தபோது வெற்றிலைக் கறை படிந்த பற்களிலிருந்து அந்தப் புளித்த மூச்சு என் முகத்தில் அடித்தது. மற்றவர்களிடம் சொல்கிறதையே அவளிடமும் சொன்னேன். முழுங்காதே, வழியட்டும். வழிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

கேமரா வைத்த கறுப்புக் குழாய் உள்ளே போனது. திரையில் உணவுக்குழாய் மேலே வெளிறிய இளஞ்சிவப்பாக, வழவழவென்று இருந்தது. கீழே போகப்போக நீளநீளமாகச் சிவந்த கீறல்கள், சில இடத்தில் வெள்ளைப் படிவு. அதற்குக் கீழே வழி குறுகிப்போய் வெளிறிய வளையமாக நின்றது. டாக்டர் அந்த இடத்தில் தயங்கினார். அவர் தயங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். குழாயை மெதுவாக நெருக்கி உள்ளே விட்டு, இரைப்பைக்குள் போய்த் திருப்பி மேலே பார்த்தார். நல்ல ஆளுக்கு அந்த இடம் கேமராக் குழாயைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும். அக்காவுக்கு அந்த இரைப்பை வாய் பிளந்து நின்றது, கறுப்புக் குழாயைச் சுற்றி இடைவெளி தெரிந்தது. இரைப்பையின் மேல் பகுதி உதரவிதானத்து ஓட்டை வழியாக நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. என் அக்காவின் உள்பக்கம். பார்க்கவே பிடிக்கவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

குறுகிய இடத்தில் சதைத் துணுக்கு எடுத்து டப்பாவில் போட்டார். அதை மதுரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பும் சீட்டில் என் கையாலேயே அக்காவின் பெயரை எழுதினேன்.

பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஒரு கையைப் பொத்திக் காட்டி, இது உள் வளையம் என்றார். இன்னொரு கையால் அதைச் சுற்றிப் பிடித்து, இது உதரவிதானம் என்றார். பிறகு பொத்திய கையை மேலே நகர்த்தினார். இரைப்பை மேலே ஏறியதால் உள் பிடி மேலே போய்விட்டது, வெளிப் பிடி கீழேயே நிற்கிறது, இரண்டும் தனித்தனியாகப் பிடிக்கிறதால் இரண்டுமே தோற்கின்றன என்றார். நடுவில் ஏறி நிற்கும் அந்தப் பைக்குள் அமிலம் தேங்கி நிற்கும், அடுத்த தடவை வளையம் நெகிழ்ந்தால் சிரமமே இல்லாமல் மேலே வரும். இரைப்பைக்குத் தன் அமிலத்தைத் தாங்க உள்ளே கோழைப் பூச்சு இருக்கிறது, உணவுக்குழாய்க்கு அந்த மாதிரி இல்லை. புண்ணாகி ஆறி, மறுபடியும் புண்ணாகி ஆறி, தழும்பு சுருங்கி வழி அடைத்திருக்கிறது. அல்லது அது வேறு ஏதாவதாக இருக்கலாம். அதை மதுரை சொல்லும் என்றார்.

பெல்ட்டைப் பற்றி நான்தான் சொன்னேன். அவர் வயிற்றைக் காட்டச் சொன்னார். தொப்புளுக்கு மேலே பட்டையின் தடம் கறுத்துப் பள்ளமாகக் கிடந்தது, மாட்டுக் கழுத்தில் கயிறு கிடந்த இடம் மாதிரி. வயதும் அந்தப் பிடியைத் தளர்த்தியிருக்கும், எல்லாம் பெல்ட்டால் வந்தது என்று சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். ஆனால் தளர்ந்த வாய் உள்ள பையைக் கீழே இருந்து நாள் முழுக்கப் பிதுக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். அக்கா சேலையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மதுரையிலிருந்து பதில் வருகிற வரைக்கும் வீட்டில் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தேன். அவள் குடிக்கும்போது ஒவ்வொரு மிடறும் இறங்குகிறதா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தொண்டையை நான் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. எச்சிலைத் துப்புவதற்கு அவள் வைத்திருந்த டப்பாவை நானே கழுவினேன். அருவருப்பு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கழுவினேன்.

கேன்சர் இல்லை என்று வந்தது. வெறும் தழும்பு. அக்கா அன்றைக்குத்தான் அழுதாள், அதுவும் மூக்கைச் சேலையிலேயே சிந்திக்கொண்டு. டாக்டர் இன்னொரு நாள் பலூனை உள்ளே விட்டு அடைப்பை விரித்தார். அமிலம் சுரப்பதைக் குறைக்கிற மாத்திரை கொடுத்தார். காலையில் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், போட்டதும் சோற்றில் கை வைக்கக் கூடாது என்றார். வயிறு முட்டத் தின்னாதே, தின்றதும் படுக்காதே, இடது பக்கம் படு. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் பிதுங்கும், அதனால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வை. சோடாவும் புகையிலையும் பெல்ட்டும் வேண்டாம். மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும், வால்வைப் பூட்டாது, அது உங்கள் கையில்தான் இருக்கிறது என்றார்.

அவர் சொன்ன மாதிரியே ஆனது. கொஞ்ச நாளில் எரிச்சல் நின்றது. ஆனால் குனிந்தால் தண்ணி வருவது முழுசாக நிற்கவில்லை. இப்போது புளிப்பு இல்லாமல் சப்பென்று வருகிறதாம். அதை அவள் பெரிய முன்னேற்றமாக, சாப்பாட்டு நேரத்தில், என்னிடம் விவரித்தாள்.

மலைக்குப் போவதை விட்டாள். ஊருக்குள்ளேயே ஒரு ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். முறத்தை முன்னால் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து, வெடித்ததையும் பச்சை வெளுத்ததையும் பொறுக்கிப் போடுகிற வேலை. கூலி குறைவு. சோறு இறங்கியது. கன்னத்தில் சதை வைத்தது. கொடியில் அந்தப் பெல்ட்டைக் காணோம், எறிந்துவிட்டாள் என்று நினைத்தேன். மலையில் வந்த பீடை மலையோடு போகட்டும் என்று அதை நான் தேடவில்லை.

அடுத்த மழை முடிகிற சமயத்தில் ஒரு பெண் என் அறைக்கு வந்தாள். அக்காவை விட இளையவள், தெருமுக்கு ஜீப்பில் அக்காவோடு பார்த்த முகம். எரிச்சல், எதுக்களிப்பு, சத்தியமாய்ச் சாட்சிக்கு ஓர் ஏப்பம். இறுக்கமாக ஏதாவது கட்டியிருந்தால் அவிழ்த்து வை என்றேன். சேலைக்குள் கையை விட்டுக் கொக்கியைக் கழற்றி, சுருட்டி, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள்.

என் பச்சை ரவிக்கை. அக்காவின் வியர்வைக்கு மேல் இவள் வியர்வை ஏறி, பச்சை என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இது யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"உங்கக்காதான். எனக்கு முதலாளி குடுத்தது பிஞ்சு போச்சு. இது நல்லா இறுக்கும்" என்றாள்.

அவளுக்கு அடைப்பு இல்லை, கீழே கொஞ்சம் கீறல்தான். டாக்டர் அவளுக்கும் இரண்டு கைகளைப் பொத்திப் பிடித்து எல்லாம் சொன்னார். தலையை ஆட்டிக் கேட்டாள். வெளியே வந்ததும், வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, மூச்சை உள்ளே இழுத்து, கடைசிக் கொக்கி வரை மாட்டினாள். இப்பத்தானே வேண்டாம் என்றார் என்று கேட்டேன். ஜீப்பு நாளைக்கும் வருமில்ல என்றாள்.

வீட்டுக்கு வரும்போது அக்கா சாப்பிட உட்கார்ந்திருந்தாள். சுடுசோறு, கருவாட்டுக் குழம்பு. வாய் நிறைய வைத்து, மென்று, விழுங்கினாள். எனக்கும் தட்டில் போட்டு வைத்திருந்தாள். நான் உட்கார்ந்து அந்தப் பெண் வந்ததைச் சொன்னேன். அந்தப் பெல்ட்டு உன்னை என்ன செய்தது என்று தெரிந்தும் அவளுக்குக் கொடுத்தாயா என்று கேட்டேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அக்கா வாயில் இருந்ததை முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"சொல்லித்தான்டி குடுத்தேன். வயித்தக் காட்டினேன், தடத்தத் தொட்டுப் பாக்கச் சொன்னேன். வயிறு எரிஞ்சாலும் காய் எடுக்கலாம்க்கா, இடுப்பு போனா எடுக்க முடியாதேன்னு சொன்னா. நானும் அப்படி நெனச்சுத்தானே கட்டுனேன்."

எனக்கு அருவருப்பு வந்தது. முதலாளி மேலா, அக்கா மேலா, அந்தக் கறுத்த பச்சைத் துணி மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தட்டைத் தள்ளி வைத்தேன்.

அக்கா என் தட்டை இழுத்து, அந்தச் சோற்றையும் தன் தட்டில் கொட்டிக்கொண்டு சாப்பிட்டாள். ஒரு வாய்கூட அடைக்கவில்லை.